விட்டுவிட்டு சீரிஸ் பார்ப்பவர்களுக்கு: ரீகேப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

ஒரு எபிசோடை மூணு நாளா பார்க்கிறேன். அடுத்ததுக்குப் போறப்போ யார் யாருன்னே மறந்துபோகுது. ரீகேப் இருக்கிற சீரிஸா தேடி எடுத்தா போதுமா?

பாதிதான் சரியாகும். ரீகேப் தயாரிக்கிற எடிட்டர் உங்கள் மறதியைக் கணக்கில் வைத்து வெட்டுவதில்லை. இன்றைய எபிசோடுக்கு எந்தெந்தப் பழைய காட்சி தேவையோ அதை மட்டும் எடுத்து ஒட்டுகிறார். நான்காவது எபிசோடில் வராத ஒரு மாமனார், இரண்டாவதில் எவ்வளவு முக்கியமாக இருந்திருந்தாலும் அந்த ரீகேப்பில் இருக்க மாட்டார். ஆறாவதில் அவர் திரும்பி வரும்போது “இவர் யாருடா” என்று நிற்பீர்கள்.

அதனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எபிசோடின் தொடக்கத்தில் வரும் ரீகேப் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. கதையே தன் முன்கதையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதா என்பது இன்னொன்று. மெகா சீரியல்கள் இந்த இரண்டாவதில் கெட்டி. நேற்றைய கடைசிக் காட்சியை இன்று மறுபடி போடுவார்கள். போதாததற்குப் பாத்திரங்களே வாய்விட்டுச் சொல்வார்கள்: “என் தம்பி கல்யாணத்தன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நீ எங்கப்பாவை அவமானப்படுத்தினியே, அதை மறந்துட்டியா?” கேலி செய்வதற்கு வசதியான வசனம்தான். ஆனால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பார்ப்பவருக்கு அந்த ஒரு வரியில் உறவு, சம்பவம், பகைக்குக் காரணம் மூன்றும் கிடைத்துவிடுகிறது. எட்டு எபிசோட் க்ரைம் சீரிஸில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். அங்கே ரீகேப்பும் இல்லையென்றால் நீங்கள் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.

ரீகேப் நல்லா இருக்கா இல்லையான்னு முன்னாடியே எப்படித் தெரியும்? முழுசா பார்த்து முடிச்சப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

முதல் எபிசோடை முழுதாகப் பாருங்கள். பிறகு நாலைந்து நாள் அதைத் தொடாதீர்கள். உங்களுக்கு வழக்கமாக விழும் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு விட்டால் போதும். அதற்குப் பிறகு இரண்டாவது எபிசோடைப் போட்டு, ரீகேப் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். மூன்று கேள்விகளை உங்களையே கேளுங்கள். திரையில் வந்தவர்களின் பெயரும் உறவும் நினைவுக்கு வந்ததா? ஒவ்வொருவரும் எதற்காக அலைகிறார்கள் என்று தெரிகிறதா? எந்த ரகசியம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது?

முதல் இரண்டுக்கு விடை கிடைத்தால் அது நல்ல ரீகேப். மூன்றாவதுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு நிமிட ரீகேப்பில் ஒரு துண்டுக்கு மூன்று விநாடி என்றாலும் இருபது துண்டுதான் அடங்கும். “இது அவனுக்கு இன்னும் தெரியாது” என்பதைத் துண்டு வெட்டிக் காட்டவும் முடியாது. விட்டுவிட்டுப் பார்ப்பவர்களுக்கு முதலில் மங்குவதும் இந்த மூன்றாவதுதான். கொலையாளியின் முகம் நினைவிருக்கும், அவர் அந்த போனை ஒளித்து வைத்ததை அண்ணி பார்த்துவிட்டாரா இல்லையா என்பது மறந்திருக்கும். கதை முழுக்க இதன்மேலேயே நிற்கிறதென்றால், ரீகேப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த சீரிஸை லீவு நாளுக்கு ஒதுக்குவதே நல்லது.

இன்னொரு சுருக்கமான சோதனை உண்டு. ரீகேப் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள். பெயர்கள் காதில் விழுந்து, “பணத்தை எடுத்தது அவன் இல்லை, அவன் தங்கச்சி” என்பது போலக் காரணம் சொல்லும் வசனம் முழுதாக வந்தால் அது வேலைக்கு ஆகும். வெறும் டம்டம் இசை, ஒரு துப்பாக்கிச் சத்தம், “நோ!” என்று ஒரு அலறல், இவ்வளவுதான் கேட்டது என்றால் அது ட்ரெய்லர். ரீகேப் என்ற பெயரில் வருவதில் பாதி இப்படித்தான் இருக்கிறது.

எனக்கு ரீகேப்பே வர்றதில்லை. `Skip Recap` பட்டனும் காணோம். என் ஆப்பில் கோளாறா?

அனேகமாகக் கோளாறு இல்லை, அந்த சீரிஸுக்கு ரீகேப் செய்திருக்கவே மாட்டார்கள். ஆனால் முடிவு கட்டுவதற்கு முன் எபிசோடை 0:00-க்கு இழுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஓரிரு நிமிடம் ஓடிய எபிசோடைத் திறந்தால் ஆப் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும், ரீகேப் பின்னால் போயிருக்கும். பட்டனைப் பழக்கதோஷத்தில் அழுத்திவிடுவதும் உண்டு. `Skip Intro` வந்தால் கட்டைவிரல் தானாகப் போகும், `Skip Recap` அதே மூலையில் அதே மாதிரிதான் வந்து நிற்கும்.

நெட்ஃபிளிக்ஸில் அடுத்த எபிசோட் தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள். கணக்கு அமைப்புகளில் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து, `Playback settings` போய், `Autoplay next episode in a series on all devices` என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். இதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் தூங்கிப்போனாலோ, வாசலில் தண்ணி லாரி வந்து எழுந்து போனாலோ, அடுத்த எபிசோட் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிடும். திரும்பி வரும்போது ரீகேப்பும் போச்சு, எதுவரை பார்த்தோம் என்ற கணக்கும் போச்சு.

எல்லா எபிசோடையும் ஒரே நாள்ல விடறதுக்கும் வாரா வாரம் விடறதுக்கும் இதுல வித்தியாசம் இருக்கா?

நிறைய இருக்கிறது. தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான் என்போம். ஒரே நாளில் எட்டு எபிசோடையும் கொட்டுகிறவர்கள், நீங்கள் ஒரே மூச்சில் பார்ப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறார்கள். எபிசோட் முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்கும். நடுவில் ரீகேப் வைத்தால் பார்ப்பவருக்கு எரிச்சல் வரும் என்று விட்டுவிடுவதும் உண்டு. வாரா வாரம் விடுகிறவர்களுக்கு ஏழு நாள் இடைவெளி உறுதி. எல்லா ரசிகரும் மறந்திருப்பார்கள் என்று தெரியும். அதனால் ரீகேப்பும் இருக்கும், எபிசோடுக்குள்ளேயே நினைவூட்டும் வசனமும் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த சீரிஸ் முதன்முதலில் எப்படி வெளிவந்தது என்பது. இன்று எல்லா எபிசோடும் ஒன்றாகக் கிடைக்கலாம். முதலில் வாரா வாரம் வந்திருந்தால் அதன் எழுத்து இடைவெளிக்கென்றே எழுதப்பட்டது, உங்களுக்குச் சாதகம். எபிசோட்களின் வெளியீட்டுத் தேதிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி போட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்கு தினமும் தாம்பரம் – பீச் ரயில்ல போறப்போ கிடைக்கிற நேரம்தான். அதுவும் வாரத்துல ரெண்டு நாள் உட்கார இடம் கிடைக்காது. தமிழ்ல எதை எடுக்கலாம்?

பெயர் சொல்லியே பார்ப்போம். கிடைக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு, வாரத்தில் மூன்று நாள், நடுவில் சனி ஞாயிறு இடைவெளி என்று வைத்துக்கொள்வோம்.

‘மாடர்ன் லவ் சென்னை’ (2023) ஆறு தனித்தனிக் கதை. ‘நவரசா’ (2021) ஒன்பது. இவற்றில் முன்கதை என்று ஒன்றே கிடையாது, எந்த வாரம் எதை எடுத்தாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை, ஒரு கதையைத் தொடங்கினால் அதற்கு நடுவில் பெரிய இடைவெளி விடக்கூடாது. தொடர்கதை ருசி வேண்டும் என்கிறவர்களுக்கு இது திருப்தி தராது.

‘ஸ்வீட் காரம் காபி’ (2023) எட்டு எபிசோட். பாட்டி, மருமகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் காரில் கிளம்புகிறார்கள். ரீகேப்பை நம்பவே தேவையில்லை. மூன்று பேர், மூன்று வயது, முகம் பார்த்தாலே யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியும். கதையும் சாலை போகிற திசையில்தான் போகிறது. பத்து நாள் கழித்து வந்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

‘ஹார்ட் பீட்’ (2024) உங்கள் வழக்கத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துவது. சென்னை மருத்துவமனைக் கதை, ஹாட்ஸ்டாரில் வாரா வாரம் வந்தது. புதிது புதிதாக நோயாளிகள் வந்து போவார்கள், அதை நினைவில் வைக்க வேண்டியதில்லை. தொடர்ந்து வருவது பயிற்சி மருத்துவர் ரீனாவுக்கும் மூத்த மருத்துவர் ரதிக்கும் இடையிலான இழை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நடுவில் இரண்டு எபிசோட் மங்கினாலும் கதை கைவிட்டுப் போகாது. நீளம்தான் அதிகம், முதல் சீசனே நூறு எபிசோட். நூறையும் முடித்தே தீருவேன் என்று உட்காருகிறவர்களுக்கு ஏற்றதல்ல.

‘வதந்தி’ (2022) நல்ல சீரிஸ், ரயிலுக்கு ஆகாது. வெலோனி என்ற பெண்ணின் மரணத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், விசாரிக்கிற போலீஸ்காரரோடு நாமும் அதை நம்பி, பிறகு சந்தேகப்படுகிறோம். இங்கே காட்சி நினைவிருந்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னது யார் என்பதும் நினைவிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வரும்போது கண்ணால் பார்த்த காட்சி நினைவிருக்கும், அது ஒருவர் சொன்ன கதை என்பது மறந்துபோய் நடந்த உண்மையாகவே தலையில் உட்கார்ந்துவிடும். ரீகேப் போட்டாலும் இந்தச் சிக்கல் தீராது, துண்டாக வெட்டிய காட்சியில் சொன்னவர் பெயர் ஒட்டியிருக்காதே. பொங்கல் லீவில் இரண்டு மூன்று நாளில் பார்த்து முடித்தால் முழு ருசியும் கிடைக்கும்.

கொரியன் சீரிஸ் தமிழ் டப்பிங்ல பார்க்கிறேன். பெயர் ஒண்ணுமே மனசுல நிக்கல.

பெயரை விட்டுவிட்டு வேறு அடையாளம் இருக்கிறதா பாருங்கள். ‘ஸ்குவிட் கேம்’ (2021) இதற்கு நல்ல உதாரணம். எல்லோரும் ஒரே பச்சை உடை, ஆனால் நெஞ்சில் எண். 456 யார், 218 யார், 067 யார் என்பது பெயரே தெரியாமல் நிற்கும். அதோடு ஒவ்வொரு விளையாட்டும் ஒரு தனிக் கட்டம். “கோலிக்குண்டு எபிசோட்” என்று சொன்னாலே எதுவரை பார்த்தோம் என்பது நினைவுக்கு வந்துவிடும். ரீகேப் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கதையின் அமைப்பே செய்துவிடுகிறது.

மாறாக, ஒரே அலுவலகம், எல்லோருக்கும் கோட் சூட், ஆளுக்கொரு பதவி என்று இருக்கிற சீரிஸில் ரீகேப் ஓடும்போது சப்டைட்டிலையும் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் காதில் விழுவதோடு எழுத்தாகவும் கண்ணில் பட்டால் நிற்கும்.

முதல் சீசன் பார்த்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. ரெண்டாவது வந்திருக்கு. முதல்லேருந்து திரும்பப் பார்க்கணுமா?

தேவையில்லை. முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: இரண்டாம் சீசன் பழைய கதையின் தொடர்ச்சியா, பழைய ஆட்களை வைத்துப் புதுக் கதையா?

‘சுழல்’ இரண்டாவது வகை. முதல் சீசன் 2022 ஜூனில், இரண்டாவது 2025 பிப்ரவரியில். முதல் சீசனில் தொழிற்சாலை தீ, காணாமல் போன நிலா, யூனியன் தலைவர் சண்முகம், இன்ஸ்பெக்டர் ரெஜினா என்று எத்தனையோ முடிச்சு. இரண்டாவதில் வழக்கு வேறு, பின்னணியில் நடக்கும் திருவிழாவும் வேறு. கூட வருவது முக்கியமாகச் சக்கரையும் நந்தினியும். ஆகவே, எட்டு எபிசோடையும் மறுபடி ஓட்டுவது வீண். இவர்கள் இருவரும் முதல் சீசன் முடிவில் எந்த நிலையில் விடப்பட்டார்கள் என்பது மட்டும் வேண்டும். முதல் சீசனின் எட்டாவது எபிசோடை மட்டும் மறுபடி பார்த்தால் அது கிடைத்துவிடும். யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்பதெல்லாம் மறந்திருந்தால் நஷ்டமில்லை.

நேர்த் தொடர்ச்சியாக இருந்தால் கடைசி எபிசோடோடு முதல் எபிசோடையும் பாருங்கள். முதல் எபிசோடில்தான் எல்லோரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார்கள், கடைசியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியும். நடுவில் உள்ளதற்குச் சீசன் ரீகேப் போதும். அதை அந்தத் தளத்திலோ, அதன் அதிகாரப்பூர்வ யூடியூப் சேனலிலோ தேடுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் சரியான அளவு.

‘டார்க்’ போல மூன்று சீசன், பல காலம், ஒரே ஆள் மூன்று வயதில் என்று வரும் கதைக்கு இதெல்லாம் பத்தாது. குடும்ப வரைபடம் கையில் வேண்டும். விட்டுவிட்டுப் பார்ப்பவர்கள் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கட்சி.

யூடியூப்ல தமிழ்லயே முழுக் கதையும் சொல்றாங்களே, அதைப் பார்த்துட்டா?

சொல்கிறவர் கதையை முடிவு வரைக்கும் சொல்லிவிடுவார், நீங்கள் நிறுத்த வேண்டிய இடத்தில் அவர் நிறுத்த மாட்டார். முழு சீசனும் பார்த்து முடித்து, அடுத்த சீசனுக்குத் தயாராவதற்கு என்றால் பரவாயில்லை. நான்காவது எபிசோடில் நிற்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். வீடியோவைத் திறக்கவே வேண்டாம், தேடல் முடிவில் வரும் படத்திலேயே “கொலையாளி இவர்தான்” என்று வட்டம் போட்டிருப்பார்கள்.

நடுவில் மறந்துபோனால் பாதுகாப்பான வழி, முந்தைய எபிசோடின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்ப்பது. அதுவும் போதாதென்றால், ஆப்பில் எபிசோட் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி விவரம் இருக்கும். நீங்கள் பார்த்தவற்றுக்கு மட்டும் மேலிருந்து கீழாக வாசியுங்கள், பார்க்காத எபிசோடின் வரி கண்ணில் படும் முன் நிறுத்திவிடுங்கள்.

பாதியில நிறுத்தித்தான் ஆகணும்னா எங்க நிறுத்தறது?

காட்சி மாறுகிற இடத்தில். இடம் மாறினாலோ, பகல் இரவானாலோ அங்கே நிறுத்துங்கள். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் வெட்டினால், மறுநாள் ஆப் அதே விநாடியில் தொடங்கும், எதற்குப் பதில் சொல்கிறார் என்றே புரியாது. பத்து விநாடி பின்னால் போகும் பட்டன் இங்கே உதவாது, அது ஒரு வசனம் தவறினால் பிடிக்கத்தான். அந்தக் காட்சியின் தொடக்கத்துக்கே இழுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம் பின்னால் இருக்கும்.

நிறுத்தின உடனே உங்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி போட்டு வையுங்கள். நடந்ததை எழுத வேண்டாம், அதை ரீகேப் பார்த்துக்கொள்ளும். ரீகேப்பில் வராத அந்த மூன்றாவது விஷயத்தை மட்டும் எழுதுங்கள்: “எஸ்.ஐ.-க்கு மருமகன் பொய் சொன்னது தெரியும். மாமியாருக்குத் தெரியாது.” பெயர் வராவிட்டால் “மீசைக்காரர்” என்றே எழுதலாம். இதற்கு மேல் நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினால் பத்து நாளில் சலித்துவிடும்.

ரீகேப்பே கதையைக் காட்டிக்கொடுக்குதே?

கொடுக்கும். மூன்று எபிசோடாக எட்டிப்பார்க்காத டிரைவர் திடீரென்று ரீகேப்பில் வந்தால், இன்று அவர் வரப்போகிறார் என்று அர்த்தம். பழகிய கண் இதைப் பிடித்துவிடும். மறதிக்கும் இதற்கும் நடுவில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இடைவெளி இரண்டு நாளுக்குள் என்றால் தவிர்த்துவிடுங்கள், அதற்கு மேல் என்றால் பாருங்கள்.

வீட்டுல எல்லாரும் ஒரே கணக்குல பார்க்கிறோம். நான் மூணாவதுல இருக்கேன், ஆப் ஏழாவதைத் திறக்குது.

தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள், நெட்ஃபிளிக்ஸில் ஒரு கணக்கில் ஐந்து வரை வைக்கலாம். ஏழாவது எபிசோடின் ரீகேப் தெரியாமல் ஓடிவிட்டால் நான்கு எபிசோட் ஸ்பாய்லர் ஒரே நிமிடத்தில் வந்துவிடும். ஒரே டிவியில் பார்க்கிற வீடு என்றால், தொடங்கும்போது வரும் ப்ரொஃபைல் திரையில் ரிமோட்டை வேகமாக அழுத்திக் கடந்துவிடாதீர்கள், தப்பு நடப்பது அங்கேதான்.

டவுன்லோட் பண்ணி வெச்சது பாதி பார்த்ததும் காணாம போயிடுச்சு?

காலக்கெடு முடிந்திருக்கும். நெட்ஃபிளிக்ஸில் சில தலைப்புகள் ப்ளே அழுத்தியதிலிருந்து 48 மணி நேரத்தில் காலாவதியாகும். வெள்ளிக்கிழமை ரயிலில் தொடங்கி, திங்கள்கிழமை தொடரலாம் என்று வைத்தால் அதற்குள் கெடு முடிந்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய இரவு, அடுத்த எபிசோடோடு முந்தையதையும் சேர்த்து இறக்கி வையுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தை மறுபடி பார்க்க அதுவும் கையில் இருக்க வேண்டும். நடுவழியில் சிக்னல் போனால் அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.